விற்ற வவுச்சர் எப்போது வருவாய் ஆகிறது? பயன்படுத்தப்படாத பரிசு வவுச்சர், பாயின்ட் பொறுப்பின் கணக்கு

சில்லறை விற்பனை நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் 'பயன்படுத்தப்படாத பரிசு அட்டைகளிலிருந்து கிடைத்த வருவாய்' என்று ஒரு வரி வரும். படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். வாடிக்கையாளர் எந்தப் பொருளையும் எடுத்துப் போகவில்லை, கடையும் எதையும் கொடுக்கவில்லை. அப்படியிருக்க வருவாய் எங்கிருந்து வந்தது? இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பவருக்கு இரண்டாவது குழப்பமும் வரும். வவுச்சரின் கெடு இன்னும் முடியவே இல்லை, அதற்குள் அதில் ஒரு பகுதி வருவாயாகிவிட்டது எப்படி?

இதற்கான விடை ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேச வருவாய்த் தரநிலையில் இருக்கிறது. 2014-ல் வெளியாகி, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கத் தரநிலையும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. விதி சிறியதுதான். அதை எண்களில் போடும்போதுதான் பலருக்குச் சறுக்குகிறது.

பணம் வந்துவிட்டது, விற்பனை நடக்கவில்லை

கடை ஒரு வவுச்சரை விற்கும்போது கல்லாவில் பணம் ஏறுகிறது. ஆனால் கடை விற்றது ஒரு வாக்கை மட்டுமே: 'இதைக் கொண்டு வந்தால் இந்த மதிப்புக்குப் பொருள் தருவேன்.' வாக்கு நிறைவேறும் வரை அந்தப் பணம் வருவாய் இல்லை. இருப்புநிலைக் குறிப்பில் அது ஒப்பந்தப் பொறுப்பாக நிற்கும். பதிவு எளிது: ரொக்கக் கணக்கில் பற்று, வவுச்சர் பொறுப்புக் கணக்கில் வரவு. லாப நட்டக் கணக்கை இது தொடவே தொடாது.

'வவுச்சர்' என்ற பெயரில் கடையில் புழங்கும் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்துவிடாது. நான்கு வகையை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

1. காசு வாங்கிக்கொண்டு விற்ற வவுச்சர். வாங்கிய தொகை முழுவதும் பொறுப்பு.
2. திருப்பிக் கொடுத்த பொருளுக்குப் பணத்துக்குப் பதிலாகத் தரும் கிரெடிட் நோட்டு. பழைய விற்பனையை ரத்து செய்துவிட்டு, அதே தொகையைப் பொறுப்பாக வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.
3. எதையும் வாங்காதவருக்கும் விளம்பரத்துக்காக இலவசமாக விநியோகிக்கும் தள்ளுபடிக் கூப்பன். யாரிடமும் பணம் வாங்கவில்லை, அதனால் பொறுப்பும் இல்லை. யாராவது பயன்படுத்தும் நாளில் அந்த விற்பனையின் விலை குறைகிறது, அவ்வளவுதான்.
4. வேறொரு நிறுவனத்தின் பரிசு அட்டையைக் கடையில் தொங்கவிட்டு விற்பது. இதில் கடை வெறும் முகவர். கமிஷன் மட்டுமே அதன் வருவாய், மீதி அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன். அந்த அட்டை பயன்படாமல் போனாலும் கடைக்கு லாபமில்லை.

மூன்றாவது வகையையும் முதல் வகையையும் ஒரே குறியீட்டில் கல்லா மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கும் கடைகளில் பொறுப்புக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. மென்பொருள் தரும் 'நிலுவை வவுச்சர்' பட்டியலில் இலவசக் கூப்பன்களும் சேர்ந்து தொகை ஊதிப்போகும்.

வராமல் போகும் பங்கு

விற்ற வவுச்சர் அத்தனையும் திரும்பி வருவதில்லை. சில தொலைந்துபோகும், சில மறந்துபோகும். பெரும்பாலும் கவனத்துக்கு வராத இன்னொரு வழியும் உண்டு: 100 அலகு வவுச்சரில் 93-க்குப் பொருள் வாங்கியவர் மீதி 7-ஐ எடுக்கத் திரும்பி வருவதே இல்லை. இப்படி வராமல் போகும் பங்கைக் கணக்கர்கள் 'பிரேக்கேஜ்' என்கிறார்கள். எதுவும் உடையவில்லை, பெயர்தான் அப்படி. அந்த 7 அலகுகளும் இதில் சேருவதால், இதை எத்தனை வவுச்சர் வரவில்லை என்று எண்ணிப் பார்த்து அளக்கக் கூடாது. எவ்வளவு மதிப்பு வரவில்லை என்றுதான் அளக்க வேண்டும்.

இந்தப் பங்கை எப்போது வருவாயில் எடுப்பது? தரநிலை இரண்டு வழிகளைச் சொல்கிறது. கடைக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதல்ல, சான்று இருக்கிறதா இல்லையா என்பதே எந்த வழி என்று தீர்மானிக்கிறது.

1. வராமல் போகும் பங்கு கடைக்குச் சேரும் என்று நம்பகமாக எதிர்பார்க்க முடிந்தால், வவுச்சர்கள் பயன்படும் வேகத்துக்கு ஏற்ப அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வருவாயில் எடுக்க வேண்டும்.
2. அப்படி எதிர்பார்க்க ஆதாரமில்லை என்றால், வாடிக்கையாளர் இனி வந்து கேட்பதற்கான வாய்ப்பு மிகமிக அரிது என்ற நிலை வரும் வரை காத்திருக்க வேண்டும். கெடு உள்ள வவுச்சரில் பெரும்பாலும் அது கெடு முடியும் நாள்.

முதல் வழிக்கு ஒரு கடிவாளம் உண்டு. இன்று எடுத்த வருவாயை நாளை பெரிய அளவில் திருப்பி எழுத நேராது என்பதற்கு மிகுந்த வாய்ப்பு இருக்க வேண்டும். நேற்றுத்தான் வவுச்சர் விற்கத் தொடங்கிய கடைக்கு இந்தச் சான்று இருக்காது. அது இரண்டாவது வழியில்தான் போக வேண்டும்.

இரண்டு வழியிலுமே, விற்ற அன்றே பிரேக்கேஜை வருவாயாக எடுக்க இடமில்லை. '8 சதவீதம் எப்படியும் வராது, இன்றே எடுத்துக்கொள்வோம்' என்பது புதிதாக இந்தக் கணக்கைத் தொடுபவர்கள் செய்யும் முதல் தவறு.

ஒரு தொகுதியை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்

எந்த நாணயத்துக்கும் பொருந்துமாறு 'அலகு' என்றே வைத்துக்கொள்வோம். வவுச்சர் விற்கும்போதே மறைமுக வரி விழுமா, பொருள் எடுக்கும்போது விழுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் இங்குள்ள எண்கள் வரி நீங்கலானவை.

ஒரு கடை 100 அலகு வவுச்சர்கள் 1,000 விற்கிறது. மொத்தம் 1,00,000. கெடு இரண்டு ஆண்டுகள். பழைய தொகுதிகளின் அனுபவப்படி 8 சதவீத மதிப்பு வராது. ஆக, 92,000 வரும், 8,000 வராது என்பது எதிர்பார்ப்பு.

முதல் ஆண்டு முடிவில் 69,000 அலகுக்குப் பொருள் எடுத்திருக்கிறார்கள். இப்போது கேட்க வேண்டிய கேள்வி: வரும் என்று எதிர்பார்த்ததில் எத்தனை பங்கு வந்திருக்கிறது? 69,000-ஐ 92,000-ஆல் வகுத்தால் 75 சதவீதம். எனவே பிரேக்கேஜிலும் 75 சதவீதம் எடுக்கலாம்: 8,000-ல் 6,000. முதல் ஆண்டு வருவாய் 69,000-மும் 6,000-மும் சேர்ந்து 75,000. பொறுப்பில் மிஞ்சுவது 25,000.

வகுக்கும் எண் 92,000. விற்ற 1,00,000 அல்ல. 1,00,000-ஆல் வகுத்தால் 69 சதவீதமே வரும், பிரேக்கேஜ் 5,520 ஆகும். பிழை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எதிர்பார்த்த 92,000-மும் வந்து முடிந்த பிறகும் அந்தக் கணக்கு 92 சதவீதத்திலேயே நிற்கும். 8,000-ல் 640 அலகு யாருக்கும் உரிமையில்லாமல் பொறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கைக் கல்லா மென்பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் திடுக்கிடுவார். மென்பொருள் நிலுவை 31,000 என்று காட்டும், பேரேடு 25,000 என்று சொல்லும். இரண்டும் சரிதான். இடையே உள்ள 6,000 இதுவரை எடுத்த பிரேக்கேஜ். வாடிக்கையாளர்களிடம் செல்லுபடியாகும் வவுச்சர் 31,000-க்கு இருக்கிறது. அதில் 23,000-க்கு மட்டுமே வந்து நிற்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. மீதி 8,000-ல் 6,000 ஏற்கெனவே எடுத்தாயிற்று, 2,000 இனிமேல் எடுக்க வேண்டிய பிரேக்கேஜ். மாதக் கடைசியில் இந்த வித்தியாசத்தை இப்படி விளக்க முடியவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. விளக்கம் தெரியாத சிலர், பேரேட்டை மென்பொருளோடு 'பொருத்த' 6,000-ஐத் திரும்பப் பொறுப்பில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது.

மதிப்பீடு மாறினால்

இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு மாற்றம். கைபேசியிலேயே வவுச்சர் இருப்பைப் பார்க்கும் வசதி வந்ததால் மறதி குறைந்திருக்கிறது. அதுவரை 85,500 வந்துவிட்டது. மொத்தம் 95,000 வரும் என்று மதிப்பீட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது. பிரேக்கேஜ் இப்போது 5,000 மட்டுமே.

பழைய ஆண்டைத் திருத்த வேண்டியதில்லை. தொடக்கத்திலிருந்து இன்றுவரை எவ்வளவு எடுத்திருக்க வேண்டும் என்று புதிய மதிப்பீட்டில் கணக்கிட்டு, ஏற்கெனவே எடுத்ததைக் கழித்தால் போதும்.

1. வந்த பங்கு: 85,500-ஐ 95,000-ஆல் வகுத்தால் 90 சதவீதம்.
2. இன்றுவரை எடுத்திருக்க வேண்டிய வருவாய்: 1,00,000-ல் 90 சதவீதம், அதாவது 90,000.
3. ஏற்கெனவே எடுத்தது 75,000. எனவே இந்த அரையாண்டுக்கு 15,000.

இந்த அரையாண்டில் வாடிக்கையாளர்கள் எடுத்த பொருளின் மதிப்பு 16,500. வருவாயோ 15,000. குறையும் 1,500 முன்பு அதிகமாக எடுத்த பிரேக்கேஜ். அன்று 6,000 எடுத்தோம், புதிய கணக்கில் இதுவரை 4,500-க்குத்தான் உரிமை. இப்படிப் பின்வாங்க நேர்வது ஓரளவுக்கு இயல்பு. ஒவ்வொரு தொகுதியிலும் இதே திசையில் நேர்ந்தால், தொடக்க மதிப்பீடே பேராசை என்று பொருள். தணிக்கையாளர் தேடுவது இந்தத் தடத்தைத்தான்.

கெடு முடியும் நாளில் மொத்தம் 94,600 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி அரையாண்டில் வந்தது 9,100. வராமல் போனது மொத்தம் 5,400, அதில் 4,500 ஏற்கெனவே எடுத்தாயிற்று, மீதி 900. இரண்டும் சேர்ந்து 10,000. பொறுப்பு பூஜ்யம். விற்றபோது வந்த 1,00,000-மும் ஒரு அலகு கூடாமல் குறையாமல் வருவாயாகிவிட்டது. கெடு முடியும் நாளில் வெளிவந்த பிரேக்கேஜ் வெறும் 900 என்பதைக் கவனியுங்கள். முறையாகச் செய்த கடையில் அந்த நாள் பெரிய சம்பவமாக இருக்காது.

8 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மொத்தக் கணக்கும் தொங்குவது இந்த ஒரு எண்ணில்தான். இதுவரை விற்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று மொத்தமாக வகுத்து இந்த எண்ணை எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விற்பனை வளரும் கடையில் இது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும்.

உதாரணமாக, முந்தைய ஆண்டு 1,00,000-க்கு விற்றதில் 92,000 வந்து முடிந்துவிட்டது. இந்த ஆண்டு 2,00,000-க்கு விற்றதில் இதுவரை 1,20,000 வந்திருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் 3,00,000-ல் 88,000 வரவில்லை, ஏறத்தாழ 29 சதவீதம். ஆனால் முதிர்ந்த தொகுதி சொல்வது 8 சதவீதம். மிச்சமெல்லாம் பழசாகாத வவுச்சர்கள், இனிமேல்தான் வரப்போகின்றன. 29 சதவீதத்தை நம்பி வருவாய் எடுத்தவர் அடுத்த ஆண்டு தலையில் கை வைத்துக்கொள்வார்.

சரியான வழி, விற்ற மாதத்தின்படி வவுச்சர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் ஒன்றாம் மாதத்தில், இரண்டாம் மாதத்தில் என்று எவ்வளவு வந்தது என்ற வளைவைப் பார்ப்பது. முழுக் கெடுவையும் கடந்த தொகுதிகளிலிருந்து மட்டுமே சதவீதத்தை எடுக்க வேண்டும். நேரில் விற்றது, நிறுவனங்கள் ஊழியர்களுக்கென மொத்தமாக வாங்கியது, கிரெடிட் நோட்டு ஆகிய மூன்றுக்கும் வளைவு வெவ்வேறாக இருக்கும். தன் பொருளைத் திருப்பிக் கொடுத்துக் கிரெடிட் நோட்டு வாங்கியவர் அதை எளிதில் மறக்கமாட்டார், பரிசாகப் பெற்றவர் மறக்கலாம். மூன்றுக்கும் ஒரே சதவீதம் போடுவது சோம்பேறித்தனம்.

கெடு முடிந்தாலும் பொறுப்பு முடியாத இடங்கள்

அட்டையின் பின்னால் அச்சிட்ட தேதியை வைத்து மட்டும் பொறுப்பை எடுத்துவிட முடியாது. முதலாவது, கடையின் வழக்கம். கெடு முடிந்த வவுச்சரைக் கொண்டு வருபவரைக் காசாளர் திருப்பி அனுப்புவதில்லை, மேலாளர் சிரித்துக்கொண்டே ஏற்கிறார் என்றால், அந்தத் தேதி காகிதத்தில்தான் இருக்கிறது. கெடு கடந்து வந்தவற்றின் தரவையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, நாட்டின் சட்டம். சில நாடுகளில் குறைந்தபட்சக் கெடு சட்டத்திலேயே உண்டு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பரிசு அட்டைப் பணம் பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் காலாவதி ஆக முடியாது. அதைவிடக் குறைவான தேதியைக் கடை அச்சிட்டாலும் கணக்கில் அது எடுபடாது.

மூன்றாவதுதான் கனமானது: உரிமை கோரப்படாத சொத்துச் சட்டம். அமெரிக்காவின் சில மாநிலங்களில், குறிப்பிட்ட காலம் வரை யாரும் கேட்காத பரிசு அட்டைப் பணத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைக்க வேண்டிய பங்கு எத்தனை ஆண்டானாலும் கடையின் வருவாய் ஆகாது. வாடிக்கையாளருக்கான பொறுப்பு அரசுக்கான பொறுப்பாக மாறும். பிரேக்கேஜ் சதவீதம் போடுவதற்கு முன்பே இந்தப் பங்கை ஒதுக்கிவிட வேண்டும்.

பாயின்ட்டில் தொடக்கமே வேறு

வவுச்சருக்கு வாடிக்கையாளர் தனியாகப் பணம் தருகிறார். பாயின்ட்டுக்கு அப்படித் தருவதில்லை, அது பொருளோடு ஒட்டி வருகிறது. அதனால் முன்பு பல கடைகள் விற்பனை முழுவதையும் வருவாயாக எடுத்துவிட்டு, பாயின்ட்டுக்கு ஆகும் செலவை மட்டும் ஒதுக்கீடாக வைத்தன. சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றுபவர்களுக்கு இந்தப் பழக்கம் 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்ஐசி 13 விளக்கத்தோடு முடிந்தது. இப்போது ஐஎஃப்ஆர்எஸ் 15 அதன் இடத்தில் இருக்கிறது. வாங்காதவருக்குக் கிடைக்காத ஒரு கணிசமான உரிமையைப் பாயின்ட் தருகிறது என்றால், வாடிக்கையாளர் கொடுத்த விலையில் ஒரு துண்டு அந்தப் பாயின்ட்டுக்கானது.

அந்தத் துண்டை வெட்டுவது இப்படி. ஒரு காலத்தில் விற்பனை 5,00,000. கொடுத்த பாயின்ட் 10,000. ஒரு பாயின்ட்டுக்கு அடுத்த முறை 1 அலகு தள்ளுபடி. 80 சதவீதம் பயன்படும் என்பது எதிர்பார்ப்பு.

1. பாயின்ட்டின் தனித்த மதிப்பு: 10,000 அல்ல, பயன்படும் என எதிர்பார்ப்பது மட்டும், அதாவது 8,000.
2. பொருள் 5,00,000, பாயின்ட் 8,000, கூட்டினால் 5,08,000. ஆனால் கையில் வந்தது 5,00,000 மட்டுமே. அதை இந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும்.
3. பொருளுக்கு 4,92,126. இது இப்போதே வருவாய். பாயின்ட்டுக்கு 7,874. இது பொறுப்பு.

முதல் ஆண்டில் 4,000 பாயின்ட் பயன்பட்டால், 8,000-ல் பாதி. பொறுப்பிலும் பாதி, 3,937, வருவாயாக வெளிவரும். அடுத்த ஆண்டு முடிவில் மொத்தம் 6,800 பயன்பட்டு, கடைசியில் 8,500 வரை போகும் என்று மதிப்பீடு மாறினால், பங்கு 80 சதவீதம். 7,874-ல் 80 சதவீதம் 6,299. முன்பு எடுத்ததைக் கழித்தால் 2,362. இங்கே மாறியது வகுக்கும் எண் மட்டும். விற்ற அன்று வெட்டிய 7,874-ஐ மீண்டும் வெட்டக் கூடாது.

பாயின்ட் கணக்கில் அடிக்கடி பார்க்கும் பிழை இரட்டைக் கழிவு. வராமல் போகும் 20 சதவீதம் முதல் படியிலேயே, 10,000-ஐ 8,000 ஆக்கியபோதே, கழிந்துவிட்டது. அதை மறந்து 7,874-லிருந்து இன்னொரு 20 சதவீதத்தைப் 'பிரேக்கேஜ்' என்று தனியாக எடுப்பவர்கள் உண்டு. கடைசியில், பாயின்ட்டோடு வாடிக்கையாளர்கள் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள், பொறுப்பு முன்பே தீர்ந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். பொறுப்பில் மீதி இருக்கும் தொகையை, இனி வரும் என எதிர்பார்க்கும் பாயின்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் இரண்டாம் ஆண்டு முடிவில் மீதி 1,575, வர வேண்டியது 1,700 பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு ஏறத்தாழ 0.93. தொடக்கத்தில் அது 0.98. மதிப்பீடு 8,000-லிருந்து 8,500 ஆனதால் ஏற்பட்ட சரிவு இது, விளக்கம் இருக்கிறது. அதே வகுத்தல் 0.6 என்றோ 1.4 என்றோ வந்தால், எந்த மதிப்பீட்டு மாற்றமும் அதை எளிதில் விளக்காது. முதல் வேலையாகப் பாயின்ட் வெளியீட்டுப் பட்டியலில் ரத்தான விற்பனைகளின் பாயின்ட் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொருள் திரும்பி வந்தும் பாயின்ட் வாடிக்கையாளர் கணக்கிலேயே தங்கிவிடுவது இந்தக் குளறுபடிக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.